டிக்கியில் 60 கிலோ, கூரையில் 60 கிலோ

நாளை காலை 400 கிலோமீட்டர் பயணம். காரில் நான்கு பேர். 60 கிலோ மூட்டை முடிச்சு இருக்கிறது. டிக்கியில் திணித்தால் பின்சீட்டில் இருப்பவர்கள் மடியிலும் ஒரு பையை வைத்துக்கொள்ள வேண்டும். மேலே கேரியரில் கட்டினால் எல்லோரும் காலை நீட்டி உட்காரலாம். இரண்டிலும் அதே 60 கிலோதானே, பெட்ரோல் செலவில் என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப் போகிறது என்று தோன்றும். ஆனால் இந்தப் பயணத்தில் எடைக்கு ஆகும் செலவு கால் லிட்டர், கூரைக்கு ஆகும் செலவு மூன்று லிட்டர்.

எப்படி என்று பார்க்க, காரை ஒரு கயிறு கட்டி இழுப்பதாக நினைத்துக்கொள்ளலாம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ உள்ள நடுத்தர கார். சமமான தார்ச்சாலையில் அதை உருட்டிக்கொண்டே போக எவ்வளவு இழுக்க வேண்டும்? சரியாகக் காற்றடித்த டயர், தன்மேல் உள்ள எடையில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் எதிர்ப்புக் காட்டும். தரையைத் தொடும் இடத்தில் ரப்பர் நசுங்கி மீள்கிறதல்லவா, அந்த நசுங்கலில் வெப்பமாக வீணாவதுதான் இந்த எதிர்ப்பு. ஆக 1,400 கிலோ காருக்கு 14 கிலோ இழுவை போதும். கிணற்றில் 14 லிட்டர் தண்ணீரைத் தூக்கிப் பிடித்திருக்கும் அதே பலம்.

இதில் 60 கிலோ சாமானைக் கூட்டினால் கயிற்றில் கூடுவது 600 கிராம். அவ்வளவுதான்.

இதை பெட்ரோலாக மாற்றுவதற்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. ஒரு கிலோ இழுவையை 100 கிலோமீட்டருக்குத் தொடர்ந்து கொடுத்தால் ஏறக்குறைய ஒரு மெகாஜூல் ஆகும். என்ஜின் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் மேல் வைக்கும் கூடுதல் வேலைக்கு எரியும் பெட்ரோலின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு சக்கரத்துக்குக் கிடைக்கும். என்ஜினின் உள் உராய்வுக்கான செலவை அடிப்படை ஓட்டத்திலேயே கட்டியாகிவிட்டது என்பதால், கூடுதல் வேலை கொஞ்சம் மலிவாகவே முடிகிறது. ஆக, கூடுதலாக வரும் ஒவ்வொரு கிலோ இழுவைக்கும் 100 கிலோமீட்டருக்கு சுமார் 100 மில்லி பெட்ரோல். 600 கிராமுக்கு 60 மில்லி. நம்முடைய 400 கிலோமீட்டருக்கு 240 மில்லி.

ஊருக்குள் ஓட்டினால் எடையின் பங்கு ஏறும். கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று, மறுபடி 50 கிலோமீட்டர் வேகத்துக்கு எழுகிறோம் என்றால், அந்த 60 கிலோவையும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஓடவைக்க வேண்டும். பிரேக் போட்டதும் அந்த வேகம் அத்தனையும் பிரேக் தட்டில் சூடாகி வீணாகிறது. கணக்குப் போட்டால் இந்தச் செலவும் டயர் செலவும் கிட்டத்தட்ட சமமாகவே வருகின்றன. ஆக 100 கிலோமீட்டருக்கு 120 மில்லி. நகரத்தில் 100 கிலோமீட்டருக்கு 8 லிட்டர் குடிக்கும் காரில் இது ஒன்றரை சதவீதம். 45 கிலோ கூடினால் மைலேஜ் ஒரு சதவீதம் குறையும் என்று அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனக் கையேடுகள் சொல்வதும் இதே அளவுதான். மலைப்பாதையிலும் பயப்படும்படி ஒன்றுமில்லை. அந்த 60 கிலோவை ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, அதே கணக்கின்படி 60 மில்லி போதும்.

மைலேஜ் குறைகிறது என்று டிக்கியில் கிடக்கும் குடையையும் பழைய செருப்பையும் எடுத்து வீட்டில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் டயர் காற்றைப் பார்த்திருக்கலாம். முழு பாரம் ஏற்றும்போது எவ்வளவு காற்று வேண்டும் என்று பல கார்களில் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் தனியாகவே போட்டிருக்கும்.

சரி, இப்போது கூரைக்கு வருவோம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் நம் காரைக் காற்று பின்னுக்குத் தள்ளும் பலம் ஏறக்குறைய 33 கிலோ. டயரின் 14 கிலோவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். இந்த 33 கிலோவே குறைவுதான். காரின் முன்பக்கத்தில் மோதும் காற்று கண்ணாடியில் வழுக்கி ஏறி, கூரையை ஒட்டிப் பாய்ந்து, பின்பக்கம் அதிகம் கலையாமல் இறங்கிப் போகும்படி வருடக்கணக்கில் செதுக்கியிருக்கிறார்கள். அந்த வழியில் கொண்டுபோய் நாம் மூட்டையை நிறுத்துகிறோம்.

அதிலும் கூரை மேல் பாயும் காற்று சாதாரணக் காற்று அல்ல. கார் வளைவில் ஏறும்போது காற்று நெருக்கப்பட்டு வேகமெடுக்கிறது. கார் 100-இல் போனால் கூரைக்கு மேலே காற்று அதைவிட வேகமாகவே ஓடும். அது மூட்டையின் தட்டையான முகத்தில் மோதி நின்று, விளிம்புகளில் பிய்ந்து, பின்னால் சுழலாகிறது. மூட்டையின் முன்பக்கத்தில் மோதும் அழுத்தத்தோடு, பின்னால் சுழலும் இடத்தில் உண்டாகும் வெற்றிடம் போன்ற இழுப்பும் பெரிய தொல்லை. தார்ப்பாய் படபடவென்று அடிக்கும் சத்தம் கேட்டால், அந்தச் சத்தத்துக்கான ஆற்றலையும் டேங்கிலிருந்துதான் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

மூட்டையின் அளவையும் கட்டியிருக்கும் விதத்தையும் பொறுத்து இந்த எதிர்ப்பு மாறும். நம் கணக்குக்குக் காற்றின் எதிர்ப்பு கால் பங்கு கூடுவதாக வைத்துக்கொள்வோம். ஓரளவு பெரிய, முகம் தட்டையான சுமைக்கு அது நியாயமான அளவு. 33 கிலோவில் கால் பங்கு என்றால் 8 கிலோ. டிக்கியில் வைத்தபோது கூடியது 600 கிராம். இங்கே 8 கிலோ, அதற்கு மேல் அந்த 600 கிராமும் உண்டு. காற்றுக்கு மட்டும் 100 கிலோமீட்டருக்கு 800 மில்லி, 400 கிலோமீட்டருக்கு மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் மேல். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 6 லிட்டர் எடுக்கும் காரில் இது 13 சதவீதம். பெரிய கூரைப்பெட்டி நெடுஞ்சாலையில் மைலேஜை 6 முதல் 17 சதவீதம்வரை குறைக்கும், இன்னும் வேகமான விரைவுச்சாலைகளில் 25 சதவீதம்வரைகூடப் போகும் என்பது அமெரிக்க அரசு தரும் அளவு. நம் கணக்கு அதற்குள்ளேயே நிற்கிறது.

மேலே கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கையில் இருக்கும் ஒரே ஆயுதம் வேகம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். 100-இல் 8 கிலோவாக இருந்தது 80-இல் 5 கிலோ சொச்சம். 50-இல் வெறும் 2 கிலோ. 120-க்குப் போனால் 12 கிலோவைத் தொடும். காற்றுக்கு ஸ்பீடோமீட்டர் தெரியாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எதிர்க்காற்று 20 கிலோமீட்டர் வேகத்தில் வீசினால், 80-இல் போகிற காரும் காற்றைப் பொறுத்தவரை 100-இல்தான் போகிறது. மூட்டையை உயரமாக அடுக்காமல் தாழ்வாகப் பரப்புவது, முன்பக்கம் சரிவாக வருவதுபோல் கட்டுவது, தார்ப்பாயை இழுத்து இறுக்குவது எல்லாமே கிராம் கிராமாக அல்ல, கிலோ கிலோவாகக் குறைக்கும். சாமானை இறக்கிய பிறகு வெறும் கேரியரை மாதக்கணக்கில் மேலேயே விட்டுவைப்பவர்கள் உண்டு. அதன் கம்பிகளும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கொஞ்சம் வசூலித்துக்கொண்டே இருக்கும்.

பெட்ரோல் செலவு என்றதும் எல்லோரும் கைகாட்டும் இன்னொன்று, என்ஜினுக்குள் போகும் காற்றிலிருந்து தூசியை வடிகட்டும் ஏர் ஃபில்டர். அடைத்துப்போன ஃபில்டர் பெட்ரோலைக் குடிக்கும் என்று மெக்கானிக்கும் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரும் சொல்வார். காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் பழைய கருவியான கார்புரேட்டரின் காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. கார்புரேட்டருக்கு உள்ளே வரும் காற்றை எடைபோடத் தெரியாது. வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ளே இருக்கும் குறுகலான கழுத்தின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் அதில் பெட்ரோலை உறிஞ்சி எடுக்கும். ஃபில்டர் அடைத்தால் உள்ளே அழுத்தம் இன்னும் குறையும், பெட்ரோல் தேவைக்கு மேல் வரும். குளிரில் வண்டி எடுக்க சோக்கை இழுப்போமே, அழுக்கு ஃபில்டர் என்பது பாதி இழுத்த சோக்கோடு நாள் முழுக்க ஓட்டுவதுதான்.

இப்போதைய பெட்ரோல் கார்களில் நிலைமை வேறு. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் 2009-இல் இதைச் சோதித்தபோது, கணினி கட்டுப்பாட்டில் பெட்ரோலைத் தெளிக்கும் இன்ஜெக்‌ஷன் கார்களில் ஃபில்டரை வேண்டுமென்றே அடைத்தும் மைலேஜில் குறிப்பிடும்படி மாற்றமில்லை. முழு ஆக்ஸிலேட்டரில் வேகமெடுக்கும் நேரம்தான் 6 முதல் 11 சதவீதம்வரை கூடியது.

இதன் காரணம் எனக்கு மிகப் பிடித்தது. சாதாரண பெட்ரோல் என்ஜினில் சக்தியைக் குறைப்பதே காற்றை அடைத்துத்தான். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தால், காற்றுக்குழாயில் த்ராட்டில் என்னும் தட்டு கொஞ்சமே திறக்கும். சீராகப் போகும்போது அதைத் தாண்டி உள்ளே இருக்கும் அழுத்தம் வெளியில் உள்ளதில் பாதிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். அவ்வளவு பெரிய அடைப்பை நாமே காலால் வைத்திருக்கும்போது, அதற்கு முன்னால் ஃபில்டரில் ஒரு சின்ன அடைப்பு வந்தால் என்ன ஆகும்? கால் தானாகவே ஒரு நூல் கூடுதலாக மிதிக்கும், த்ராட்டில் கொஞ்சம் அகலும், என்ஜினுக்குள் போகும் காற்று முன்போலவே இருக்கும். பாதி மூடிய குழாய்க்கு முன்னால் வடிதுணி கட்டினால் குழாயை இன்னும் கொஞ்சம் திருகிக்கொள்வது மாதிரி. புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் கலவையைக் கவனித்துக்கொண்டே இருப்பதால், வந்த காற்றுக்கு ஏற்ற பெட்ரோல்தான் தெளிக்கப்படும். த்ராட்டிலை முழுக்கத் திறந்த பிறகு அது இன்னும் அகல இடமில்லை. அடைப்பு அப்போதுதான் வெளியே தெரியும். ஓவர்டேக் செய்யும்போதும் முழு பாரத்தோடு மேடேறும்போதும் வண்டி இழுக்காமல் போவது அதனால்தான்.

அப்படியென்றால் ஃபில்டரை மாற்ற வேண்டாமா? மாற்றத்தான் வேண்டும், ஆனால் மைலேஜுக்காக அல்ல. ரொம்ப அடைத்த தாள் மடிப்பு ஒருநாள் கிழியலாம்; சரியாக உட்காராத ரப்பர் விளிம்பு வழியாகத் தூசி நேராக சிலிண்டருக்குள் போய்ச் சுவரைத் தேய்க்கலாம். லேசாக அழுக்கடைந்த ஃபில்டர் புதியதைவிட நன்றாகவே தூசி பிடிக்கும் என்பது ஒரு வேடிக்கை, ஏனென்றால் படிந்த தூசியே இன்னொரு வடிகட்டியாகிவிடுகிறது. கம்ப்ரஸரால் பலமாக ஊதிச் சுத்தம் செய்கிறோம் என்று தாளில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை போடுவதைவிட, அழுக்கோடு இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிவிட்டுப் புதிதாக மாற்றுவது மேல்.

நானும் ஒருமுறை ஃபில்டர் மாற்றிய அடுத்த டேங்கிலேயே மைலேஜ் ஏறிவிட்டது என்று மகிழ்ந்திருக்கிறேன். அதே சர்வீஸில் டயருக்குக் காற்றும் அடித்து, என்ஜின் ஆயிலும் மாற்றியிருந்தார்கள் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. ஒரு டேங்க்குக்கும் இன்னொரு டேங்க்குக்கும் நடுவில் காற்று, நெரிசல், ஏசி, பங்க்கில் பம்ப் தானாக நின்ற இடம் என்று எல்லாம் சேர்ந்தே ஐந்து சதவீதத்தை அசைத்துவிடும். ஃபில்டரால் வரும் மாற்றமோ டிக்கியில் ஏற்றிய 60 கிலோவோ அந்த இரைச்சலில் மறைந்துவிடும். கேரியரோடு போன டேங்க்கும் கேரியர் இல்லாமல் போன டேங்க்கும் மட்டும், ஒரே சாலையில் ஒரே வேகத்தில் ஓட்டியிருந்தால், நோட்டில் எழுதிப் பார்த்தாலே தெரியும்.