குண்டத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள்? ஒரே கட்டத்தை எண்ணி முடிவு சொல்லாதீர்கள்

கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், தீக்குழியில் இறங்கி நடக்கும் குண்டம் திருவிழா. நிலம் அளக்க நான் வைத்திருக்கும் ட்ரோனை, போலீஸ் அனுமதி வாங்கி, காலை ஏழு மணிக்கு மேலே ஏற்றினேன். திடலை நேர் மேலிருந்து ஒரே படமாக எடுத்துக் கொடுத்தேன். மதியத்துக்குள் விழாக் கமிட்டித் தம்பி போனில் கூப்பிட்டார். "இருவதாயிரம் பேருங்கண்ணா! சும்மா சொல்லலீங்க, எண்ணிப் பார்த்துட்டேன்."

அவர் பொய் சொல்லவில்லை. திடல் 300 அடிக்கு 200 அடி. அதை 20 அடிக்கு 20 அடி கட்டங்களாகப் பிரித்தால் 150 கட்டம் வரும். குண்டத்தை ஒட்டிய ஒரு கட்டத்தில் தலைகளை எண்ணியிருக்கிறார், 131. அதை 150-ஆல் பெருக்கினால் 19,650. கணக்கு சரி. கட்டத்தைத் தேர்ந்தெடுத்ததுதான் தப்பு.

கூட்டம் வயலில் நட்ட நாற்று மாதிரி சீராக நிற்பதில்லை. குண்டத்தின் ஓரத்தில் நெருக்கியடிக்கும், வேப்பமர நிழலில் திட்டுத் திட்டாக உட்காரும், கடைப்பக்கம் கலைந்து கிடக்கும். அந்த 150 கட்டங்களில் குண்டமும், தண்ணீர் லாரியும், கயிறு கட்டி ஒதுக்கிய இடமும் சேர்ந்து 20 கட்டம் ஆளே இல்லாதவை. அவற்றையும் சேர்த்துப் பெருக்கிவிட்டார்.

சாயங்காலம் இருவரும் படத்தைப் பெரிய தாளில் அச்செடுத்து உட்கார்ந்தோம். முதலில் ஆளில்லாத 20 கட்டங்களைச் சிவப்புப் பேனாவால் அடித்தோம். மிச்சம் 130. அதைக் கண்ணால் பார்த்தே மூன்றாகப் பிரித்தோம்: நெருக்கமானது 30, நடுத்தரம் 60, கலைந்தது 40. ஒவ்வொரு வகையிலும் எந்தக் கட்டத்தை எண்ணுவது என்பதைத் துண்டுச்சீட்டில் எண் எழுதிக் குலுக்கி எடுத்தோம். நாமே தேர்ந்தெடுத்தால் கண் தானாகக் கூட்டமான கட்டத்துக்குத்தான் போகும்.

எண்ணும்போது ஒவ்வொரு தலைமேலும் ஒரு புள்ளி வைக்க வேண்டும். கோட்டின்மேல் நிற்பவரை என்ன செய்வது? மேல்கோட்டிலும் இடக்கோட்டிலும் இருந்தால் சேர். கீழ்க்கோட்டிலும் வலக்கோட்டிலும் இருந்தால் விடு. இந்த விதி இல்லையென்றால் ஒரே ஆள் இரண்டு கட்டத்திலும் கணக்காகிவிடுவார்.

நெருக்கமான ஐந்து கட்டங்களில் 131, 118, 124, 109, 128 வந்தது. சராசரி 122. முப்பது கட்டத்துக்கு 3,660. நடுத்தரத்தில் ஆறு கட்டம் எண்ணியதில் சராசரி 68, அறுபதுக்கு 4,080. கலைந்த பகுதியில் ஐந்து கட்டத்தின் சராசரி 19, நாற்பதுக்கு 760. மொத்தம் 8,500.

தம்பி முகம் வாடிவிட்டது. சரி, வேறு கட்டங்களைக் குலுக்கி எடுத்து இன்னொரு முறை எண்ணலாம் என்றேன். 8,800 வந்தது. இப்படி இருநூறு, முந்நூறு விலகுவது சகஜம். அதனால் ஒரே எண்ணாகச் சொல்லாமல் "எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம்" என்று சொல்வதே நியாயம். அதுகூட ஏழு மணிக்குத் திடலில் நின்றவர்கள் மட்டும்தான். விடியுமுன் குண்டம் இறங்கி வீடு போனவர்களும், மரத்தடியில் மறைந்திருந்தவர்களும் இதில் இல்லை.

எண்ணாமலே ஒரு எண்ணைச் சோதிக்கவும் வழி இருக்கிறது. 1960-களில் அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் இதழியல் கற்பித்த ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ், ஜன்னலுக்குக் கீழே இருந்த முற்றத்தில் கூடும் மாணவர்களை, தரையின் கட்டங்களை வைத்தே எண்ணினார். கலைந்த கூட்டத்தில் ஆளுக்கு 10 சதுர அடி, நெருக்கமென்றால் நாலரை, மூச்சுத் திணறும் நெருக்கமென்றால் இரண்டரை என்பது அவர் கணக்கு. நம் திடல் 60,000 சதுர அடி. இருபதாயிரம் பேர் என்றால் குண்டத்துக்குள்ளும் லாரிமேலும் சேர்த்து, மூலைமுடுக்கெல்லாம் ஆளுக்கு மூன்றே சதுர அடி. நடக்கிற காரியமா?

ட்ரோன் இல்லாமல் மாடியிலிருந்து சாய்வாக எடுத்த படம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். படத்தில் ஒரே அளவாகத் தெரியும் இரண்டு கட்டங்களில், தூரத்துக் கட்டம் பல மடங்கு நிலத்தை அடக்கியிருக்கும். அதனால் கட்டத்தைப் படத்தின்மேல் போடாதீர்கள், தரையின்மேல் போடுங்கள். காம்பவுண்டுத் தூண்களுக்கு நடுவில் எத்தனை அடி என்று டேப் பிடித்து அளந்துகொண்டு, அதை வைத்துக் கோடு இழுக்க வேண்டும். பின்வரிசையில் தலைக்குப் பின் தலை மறைவதால், அங்கே எண்ணிக்கை குறைவாகத்தான் வரும்.

மொத்தத்தைவிட எனக்குக் கவலை தந்தது வேறொரு எண். குலுக்கலை ஒதுக்கிவைத்து, மிக நெருக்கமான கட்டத்தை வேண்டுமென்றே தேடினோம். குண்டம் இறங்கியவர்கள் வெளியேறும் மூலையில் ஒரு கட்டத்தில் 163 பேர். சதுர மீட்டருக்கு ஐந்து பேரைத் தாண்டினால் ஆள் தன் இஷ்டத்துக்கு நகர்வது கஷ்டம், தள்ளுமுள்ளு அலையாகப் பரவும் ஆபத்து தொடங்கும். நம் கட்டக் கணக்கில் அது சுமார் 185 பேர். இன்னும் இருபத்திரண்டு பேர் நுழைந்திருந்தால் அந்த மூலை அந்த எல்லையைத் தொட்டிருக்கும்.

படத்தில் அந்தக் கட்டத்தை மட்டும் வட்டமிட்டுக் கமிட்டிப் பெரியவரிடம் காட்டினோம். அவர் ஆள் கணக்கைக் கேட்கவே இல்லை. "அந்த மூலையில கயித்தைத் தள்ளிக் கட்டி, கடைய அந்தப்புறம் மாத்திரலாமுங்க" என்றார்.