பேட்டரி கெட்டுப்போகவில்லை சார், எண்பதைத் தாண்டிவிட்டது

இந்த மாதத்தில் மட்டும் மூன்றாவது ஆள். மின்கார் வாங்கி ஒரு வருடம்கூட ஆகாதவர்கள், ஜொகூருக்கோ பினாங்குக்கோ ஒரு நெடும்பயணம் போய் வந்த மறுநாளே சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் பட்டறை வாசலில் வந்து நிற்கிறார்கள். கேட்பதும் ஒன்றுதான்: "பேட்டரி போச்சா தம்பி, கொஞ்சம் பார்த்துச் சொல்லு."

மூன்றாவதாக வந்தவர் எனக்குத் தமிழ்ப்பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஓய்வு பெற்று மின்கார் வாங்கியிருக்கிறார். ஜொகூர் பாருவில் தங்கை மகள் கல்யாணம். காலை ஏழு மணிக்குக் கிளம்பியும் மாலை நலுங்குக்குப் போய்ச் சேர முடியவில்லை. இரண்டு இடத்தில் சார்ஜ் போட்டாராம், இரண்டிலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. முன்னால் நின்ற கார்களுக்குக் காத்திருந்த நேரம் தனி. கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்தார். சார்ஜரின் திரையில் 84%, அதற்குப் பக்கத்தில் 22 kW. "பெட்டி மேல 180ன்னு எழுதியிருக்கான், குடுக்கிறது 22. இது ஏமாத்து வேலைதானே?" என்றார்.

ஏமாற்று வேலை இல்லை சார். உங்கள் பேட்டரிக்கும் ஒன்றும் இல்லை.

இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, அதனால் ஒருமுறை விரிவாகவே எழுதிவிடுகிறேன். சார்ஜர் பெட்டியில் எழுதியிருக்கும் எண், அந்தப் பெட்டியால் அதிகபட்சம் எவ்வளவு கொடுக்க முடியும் என்பது. எவ்வளவு வேண்டும் என்று கேட்பது கார். சொருகிய நொடியிலிருந்து கார் பெட்டியோடு பேசிக்கொண்டே இருக்கிறது: இப்போது இவ்வளவு கொடு, இப்போது குறை, இன்னும் குறை. பெட்டி அதற்குக் கட்டுப்படுகிறது. வாத்தியாருடைய கார் எந்த நிலையிலும் 80 கிலோவாட்டுக்கு மேல் வாங்காது. 180 பெட்டியில் சொருகினாலும் 350 பெட்டியில் சொருகினாலும் அதே 80தான். பெரிய பெட்டி கிடைக்கும் என்று இருபது கிலோமீட்டர் சுற்றிப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெட்ரோல் வீண் என்றுகூடச் சொல்ல முடியவில்லை, நேரம்தான் வீண். எண்பது சதவீதத்தில் "அவன் குறைக்கிறான்" என்று நிலையக்காரரைத் திட்டுகிறவர்கள், குறைக்கச் சொல்வது தங்கள் கார்தான் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கார் ஏன் குறைக்கச் சொல்கிறது? தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். காலையில் பெரட்டு முடிந்து வேலைக்காட்டுக்கு ஆள் ஏற்றும் லாரியை நினைத்துக்கொள்ளுங்கள். காலி லாரியில் முதல் இருபது பேர் குதித்து ஏறிவிடுவார்கள். பாதி நிறைந்ததும் ஏறுகிறவர் இடம் பார்க்க வேண்டும். கடைசி ஐந்து பேர் ஏற, உள்ளே இருப்பவர்கள் நகர்ந்து கொடுக்க வேண்டும். அவசரப்படுத்தித் தள்ளினால் உள்ளே போக முடியாதவர் வெளியே தொத்திக்கொண்டு நிற்பார். பேட்டரிக்குள் லித்தியம் அயனிகள் கிராஃபைட் அடுக்குகளுக்கு நடுவே போய் உட்கார வேண்டும். நிறைய நிறைய உள்ளே நுழைவது மெதுவாகிறது. அப்போதும் வேகமாகத் தள்ளினால் நுழைய முடியாத லித்தியம் வெளிப்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பிக் கணக்குக்கு வராது, பேட்டரியின் கொள்ளளவு அந்த அளவுக்குப் போனதுதான். படிவு ஊசிபோல வளர்ந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் அபாயமும் உண்டு. ஒவ்வொரு செல்லுக்கும் மின்னழுத்த உச்சவரம்பும் இருக்கிறது. நிக்கல் வகைக்கு ஏறக்குறைய 4.2 வோல்ட், இரும்பு பாஸ்பேட் வகைக்கு 3.65. அந்த வரம்பை நெருங்கினால் மின்னோட்டத்தைக் குறைத்தே ஆக வேண்டும். நூறு செல் வரிசையாக இருந்தால், முதலில் வரம்பைத் தொடுகிற ஒரு செல்லுக்காக மற்ற எல்லாமே மெதுவாகும்.

ஆக, 84 சதவீதத்தில் 22 கிலோவாட் என்பது கார் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. அந்தப் படத்தில் 24 சதவீதமும் 22 கிலோவாட்டும் இருந்திருந்தால் நானே காரை உள்ளே விடச் சொல்லியிருப்பேன். அதற்கும் முதலில் பார்க்க வேண்டியது பக்கத்துக் குழாய். ஒரே பெட்டியில் இரண்டு கார் நின்றால் பல இடங்களில் மின்சாரம் பங்குபோட்டுத்தான் வரும். அடுத்தது சூடு. மத்தியான வெயிலில் வேகமாக ஓட்டி வந்து, இரண்டாம் முறை சார்ஜ் போடும்போது பேட்டரி சூடாக இருந்தால் கார் தானே அடக்கி வாங்கும். இரண்டும் இல்லாமல், வெவ்வேறு பெட்டிகளிலும் குறைந்த சதவீதத்திலேயே இழுக்கவில்லை என்றால் அப்போது பட்டறைக்கு வாருங்கள்.

இனி வாத்தியாரின் பயணத்துக்கு வருகிறேன், உண்மையான தவறு அங்கேதான் நடந்தது. அவர் பேட்டரி 60 யூனிட். நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு, ஏர்கோனும் போட்டு ஓட்டினால் நிறைந்த பேட்டரிக்கு 350 கிலோமீட்டர் போகிறது. ஒரு சதவீதத்துக்கு மூன்றரை கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கைப்பேசிச் செயலியில் இருந்த பழைய சார்ஜ் பதிவுகளைப் பார்த்து, எந்த நிலையில் நிமிடத்துக்கு எத்தனை கிலோமீட்டர் ஏறுகிறது என்று ஒரு தாளில் எழுதினேன். 10 முதல் 50 சதவீதம் வரை நிமிடத்துக்கு ஏழு கிலோமீட்டர். 50 முதல் 80 வரை ஐந்து. 80 முதல் 90 வரை மூன்று. 90க்கு மேல் ஒன்றே ஒன்று. சார்ஜ் வளைகோடு என்று சொல்வது இதைத்தான். ஒவ்வொரு மாடலுக்கும் இது மாறும், உங்கள் காரின் எண்களை நீங்கள்தான் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஜொகூர் பாரு இங்கிருந்து ஏறக்குறைய 560 கிலோமீட்டர். வீட்டில் 100 சதவீதத்தோடு கிளம்பினார், அது சரி. தஞ்சோங் மாலிம் பக்கம் வந்தபோது 55 சதவீதம் இருந்திருக்கிறது. பயந்துபோய் நின்று 100 வரை போட்டிருக்கிறார். 55லிருந்து 80 ஏற 18 நிமிடம், அதற்குப் பிறகு 100 ஆக 47 நிமிடம், மொத்தம் 65. சிரம்பானைத் தாண்டி மறுபடி 55 ஆனதும் மறுபடி நின்று இன்னொரு 65. ஆக 130 நிமிடம். போய்ச் சேர்ந்தபோது 30 சதவீதம் மிச்சம்.

அதே கார், அதே சாலை. தஞ்சோங் மாலிமில் சார்ஜ் போடாமல் சிரம்பான் வரை ஓட்டியிருந்தால் 15 சதவீதத்தில் போய் நின்றிருப்பார். (வழியில் தாப்பாவில் நின்று பசியாறலாம், அதற்குச் சார்ஜர் தேவையில்லை.) அங்கே 15லிருந்து 60 வரை போட இருபத்து நாலரை நிமிடம். யோங் பெங் பக்கம் மறுபடி 15, மறுபடி 60 வரை இன்னொரு இருபத்து நாலரை. மொத்தம் 49 நிமிடம். ஜொகூர் பாருவில் மிச்சம் அதே 30 சதவீதம். இரண்டு விதத்திலும் நிறுத்தம் இரண்டுதான், ஏற்றிய மின்சாரமும் அதே 54 யூனிட்தான். வித்தியாசம் 81 நிமிடம். நலுங்கு போனது அதில்தான்.

கணக்கு வாத்தியார் அல்லவா, தாளை வாங்கித் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தார். பிறகு கேட்டார்: "அப்ப நான் 55ல சொருகினதே தப்பா?" ஆமாம் சார். எல்லாரும் எண்பதுக்கு மேல் காத்திருப்பதை மட்டும் தவறு என்கிறார்கள். வேகமாக ஏறும் கீழ்ப்பகுதியைத் தொடாமலேயே பாதி பேட்டரியில் போய்ச் சொருகுவது அதே அளவு தவறு. பெட்ரோல் காரில் பாதி டேங்கில் நிரப்பினாலும் லிட்டருக்கு ஆகும் நேரம் ஒன்றுதான், அந்தப் பழக்கம் இங்கே செல்லாது.

வீட்டில் சார்ஜ் போடுவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வீட்டுச் சார்ஜர் 7 கிலோவாட். அவ்வளவு மெதுவாக ஊற்றுவதால் கடைசிச் சில சதவீதம்வரை கார் குறைக்கவே தேவையில்லை, நீங்களும் தூங்கிக்கொண்டிருப்பீர்கள். பயணத்துக்கு முதல் இரவு தாராளமாக 100 போடுங்கள். இரும்பு பாஸ்பேட் வகை என்றால், சதவீதக் கணக்கு தவறிப்போகாமல் இருக்க அவ்வப்போது 100 வரை போடச் சொல்லித்தான் காரின் கையேட்டிலேயே இருக்கும். ஆனால் தோட்டத்துப் பழைய வீடுகளில் மூன்று முள் பிளக்கில் எக்ஸ்டென்ஷன் வயர் போட்டு இரவெல்லாம் கார் ஏற்றாதீர்கள். கருகிய பிளக்குகள் என் மேசை டிராயரில் நான்கு கிடக்கின்றன, வேண்டுமானால் வந்து பாருங்கள்.

எண்பதுக்கு மேல் காத்திருக்க வேண்டிய இடமும் உண்டு. கெரிக் வழியாக ஜெலிக்குப் போகிறவர் மலைச்சாலையில் அடுத்த சார்ஜரை நம்பிப் போகக் கூடாது. அங்கே 90 வரை உட்காருங்கள், குற்றமில்லை. நெடுஞ்சாலையில், அதுவும் தீபாவளி நேரத்தில், பின்னால் ஆறு கார் நிற்கும்போது 80ஐத் தாண்டி உட்காராதீர்கள். உங்கள் கடைசி இருபது சதவீதம் ஏறும் 47 நிமிடத்தில், பின்னால் நிற்கிறவர் 10லிருந்து 80 வரை போட்டுக்கொண்டு கிளம்பியே போயிருப்பார். சொருகிவிட்டு உணவுக்கடையில் மறந்துபோகிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கைப்பேசியில் 80க்கு அறிவிப்பு வையுங்கள், தயவுசெய்து.

வாத்தியார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அதுவரை காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்த டீச்சரம்மா கண்ணாடியை இறக்கினார். "தம்பி, பதினஞ்சுல போய் நின்னா எனக்கு நெஞ்சு படபடக்கும். அந்த சார்ஜர் கெட்டுப்போயிருந்தா என்ன பண்றது? இருபதுன்னு மாத்திக் குடு."

நியாயமான கேள்வி. 15 சதவீதம் என்றால் 52 கிலோமீட்டர் கையிருப்பு, 20 என்றால் 70. தாளைத் திரும்ப வாங்கி, 20லிருந்து 65 வரை என்று திருத்தி மறுபடி கூட்டினேன். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு நிமிடம்தான் கூடுகிறது.

"ரெண்டு நிமிஷம்தானே, அதை நான் தர்றேன்" என்றார்.