பதினோராவது படி

ஒரு பெண் தனியாகப் புது வீட்டுக்குக் குடிவருகிறாள். பகலில் மாடிப்படியைத் துடைத்துக்கொண்டே எண்ணுகிறாள்: மொத்தம் பதினொன்று. பேச்சோடு பேச்சாக அது கடந்துபோகிறது. அன்று நள்ளிரவில் அவள் படுத்திருக்கிறாள். கேட்பவரின் வலது காதுப் பக்கம் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. மாடியிலிருந்து யாரோ இறங்கிவரும் காலடி கேட்கிறது. யாரும் சொல்லாமலே நாம் எண்ண ஆரம்பித்துவிடுவோம். எட்டு. ஒன்பது. பத்து. அதோடு நின்றுவிடுகிறது.

ஒலிக்கதைக்காக நான் செய்த இந்தக் காட்சி ஒன்றரை நிமிடம்தான் ஓடும். அலறல் கிடையாது, கதவு தட்டும் சத்தம் கிடையாது, இசையும் கிடையாது. ஆனாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு முதுகு சில்லிட வேண்டும். அதற்கான வேலை எல்லாம் காலடிக்கு முன்பே, எதுவும் நடக்காத நேரத்தில் தொடங்குகிறது.

எதுவும் நடக்காத நேரத்துக்கும் ஓர் ஒலி உண்டு. காலியான அறையில் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் பதிவு செய்வார்கள். அதற்கு ரூம் டோன் என்று பெயர். காற்றின் மெல்லிய இரைச்சல், எங்கோ ஓடும் மோட்டார், சுவரின் முனகல் எல்லாம் அதில் இருக்கும். நான் முதன்முதலில் இந்தக் காட்சியைச் செய்தபோது, சுத்தமாக இருக்கட்டும் என்று இரைச்சல் நீக்கும் கருவியைப் போட்டு அதை அடியோடு துடைத்துவிட்டேன். கேட்ட நண்பர், பத்தாவது படிக்கு அப்புறம் போன் நின்றுவிட்டதோ என்று திரையைத் தட்டிப் பார்த்தாராம். பயம் அங்கேயே செத்துப்போனது.

ஏன் அப்படி என்பதற்கு 1970-இல் ரிச்சர்ட் வாரன் என்ற உளவியலாளர் செய்த சோதனையில் பதில் இருக்கிறது. பதிவு செய்த ஒரு வாக்கியத்தின் நடுவே ஒரே ஓர் எழுத்தின் ஒலியை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர், எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மிச்சமிருந்த ஒருவரும் தவறான எழுத்தைத்தான் காட்டினார். இருமலுக்குப் பதிலாக வெறும் மௌனம் இருந்தாலோ, அந்த ஓட்டை உடனே தெரிந்துவிடுகிறது. அதாவது, இரைச்சலுக்குப் பின்னால் ஒரு சத்தம் மறைந்திருக்கலாம் என்றால், மூளை தானே அதை இட்டு நிரப்புகிறது. மறைய இடமே இல்லையென்றால் நிரப்புவதில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறோம். காதுக்கு அந்த இருட்டு இரைச்சல்தான்.

சரி, காலடிக்கு வருவோம். ஒரே காலடியைப் பதிவு செய்து ஒவ்வொரு முறையும் கொஞ்சம் சத்தத்தைக் கூட்டினால் ஆள் நெருங்கி வருவதுபோல் கேட்காது. யாரோ வால்யூமைத் திருகுவதுபோல்தான் கேட்கும். தூரத்தைக் காது வேறு விதத்திலும் கணக்கிடுகிறது. தூரத்துச் சத்தத்தில் சுவர்களில் பட்டுத் திரும்பி வரும் பங்குதான் அதிகம்; நேராக வந்து சேரும் பங்கு குறைவு. கிட்டே வர வர இந்த விகிதம் மாறும். நடுவில் சுவரும் கதவும் இருந்தால் கீச்சென்ற உயர் ஒலிகள் அடிபட்டுப்போகும். தொம் தொம்மென்ற அடி மட்டும் வரும். அதனால் முதல் மூன்று படிகளை நான் மந்தமாகவும் முழக்கமாகவும் வைத்தேன். ஏழாவது படியில்தான் பாதம் மரத்தில் உரசுவது முதன்முதலாகக் கேட்கும். மொத்தச் சத்தம் பத்து டெசிபல் அளவுக்குத்தான் கூடியிருக்கும்.

அவ்வளவு கூடினாலே போதும். 1998-இல் ஜான் நியூஹாஃப் என்ற ஆய்வாளர், ஒரே அளவு ஏறும் சத்தத்தையும் இறங்கும் சத்தத்தையும் கேட்க வைத்துப் பார்த்தார். ஏறுவதுதான் அதிகமாக மாறியது என்றார்கள் கேட்டவர்கள். விலகிப் போவதைவிட நெருங்கி வருவதைக் காது பெரிதாக்கிக் காட்டுகிறது. ஓடித் தப்ப வேண்டிய உயிருக்கு அந்தப் பிழை லாபம்தானே.

பதினோராவது அடி வராததும் ஒரு நிகழ்ச்சிதான். சீராக வந்த ஒலி, வர வேண்டிய நேரத்தில் வராமல் போனால், மூளையின் மின் அலைகளில் அதற்கென்றே ஒரு துடிப்பு பதிவாகும். காதில் எதுவும் விழவில்லை. விழும் என்று போட்ட கணக்கு தவறியிருக்கிறது. இதற்காகத்தான் பகலிலேயே படியை எண்ண வைத்தேன். எண்ணிக்கை தெரியாதவருக்குப் பத்தாவது படி வெறும் கடைசிப் படி. தெரிந்தவருக்கோ, ஒருவர் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறார்.

அடுத்த ஏழு விநாடிகள் ரூம் டோனும் கடிகாரமும் மட்டும்தான். இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த வேலை. அந்த ஏழு விநாடி முடிந்ததும் கடிகாரச் சத்தம் மெல்ல மந்தமாகத் தொடங்குகிறது. அளவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். சுமார் 2000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள கூர்மை மட்டும் மெதுவாகக் கழிகிறது. அந்த ஒலியின் அலைநீளம் சுமார் 17 சென்டிமீட்டர். மனித உடம்பு குறுக்கே வந்தால் அவ்வளவு குட்டையான அலையால் எளிதில் வளைந்து சுற்றி வர முடியாது. 100 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 3 மீட்டருக்கும் நீளம். அது சாவகாசமாகச் சுற்றி வந்துவிடும். எனவே கூர்மை போய் அடிநாதம் மட்டும் மிஞ்சினால், கடிகாரத்துக்கும் உங்களுக்கும் நடுவே ஏதோ நிற்கிறது என்று பொருள். இந்த இயற்பியல் தெரியாவிட்டாலும் காது அதைப் பிறந்ததிலிருந்து பழகியிருக்கிறது. கதை சொல்லும் குரல் அப்போது ஒரு வார்த்தையும் சொல்லக் கூடாது. “யாரோ நிற்கிறார்கள்” என்று சொன்னால் அது ஒருவராகிவிடும்; அவருக்கு ஒரு முகம் வந்துவிடும்.

இந்த இடத்தில் டமாரென்று ஒரு சத்தம் போடலாமே என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். போடலாம், கேட்பவர் துள்ளுவார். திடீர்ச் சத்தத்துக்குக் கண் சிமிட்டத் தொடங்க இருபதில் ஒரு பங்கு விநாடிகூட ஆகாது. மூளைத்தண்டிலேயே முடிந்துவிடும் அனிச்சை அது. கதை நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரும். சிக்கல் அதற்குப் பிறகு. ராத்திரியில் பக்கத்தில் ஆள் தூங்கிக்கொண்டிருக்கும். கேட்பவர் சட்டென்று வால்யூமைக் குறைப்பார், மறுபடி ஏற்ற மாட்டார். மிச்சக் கதையின் மெல்லிய சத்தங்கள் எல்லாம் அவருக்குப் போய்விட்டன.

கெடுவதற்கு வேறு வழிகளும் உண்டு. சத்தத்தைத் தானாகச் சமப்படுத்தும் கருவி இந்தக் காட்சிக்கு எமன்: மௌனத்தைத் தூக்கிவிடும், காலடியை அமுக்கிவிடும், முதல் படியும் பத்தாவது படியும் ஒரே தூரத்தில் கேட்கும். அடிவயிற்றைக் கலக்கும் ஆழ்ந்த உறுமலை நம்பியிருந்தால் போனின் சின்ன ஒலிபெருக்கியில் அது வரவே வராது. கடிகாரம் மந்தமாவது மட்டும் அதிலும் தெரிகிறது; ஆனால் வலது, இடது போய்விடும்.

முடித்த பிறகு மூன்று பேரிடம் தனித்தனியாகக் கொடுத்து, என்ன கேட்டது என்று மட்டும் விசாரித்தேன். முதல் முறை மூவருமே “கடைசியில் கடிகாரச் சத்தம் மாறியது” என்றார்கள். மாற்றம் இரண்டு விநாடியில் நடந்திருந்தது, அதனால் வேலை தெரிந்துவிட்டது. அதை ஒன்பது விநாடியாக இழுத்து வேறு மூவரிடம் கொடுத்தேன். கடிகாரத்தை ஒருவரும் சொல்லவில்லை. ஒருவர், குழந்தை நிற்கிறது என்றார். இன்னொருவர், உயரமான ஆள் என்றார். மூன்றாமவர், மூச்சு விடும் சத்தத்தை இன்னும் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்று குறை சொன்னார்.

அந்த இடத்தில் நான் எந்த மூச்சையும் வைக்கவில்லை.