வாட்டர் பம்ப்ல அந்த சின்ன ஓட்டை எதுக்கு இருக்கு?

கார் பானட்டைத் தூக்கிட்டு பெல்ட் ஓடுற பக்கமா டார்ச் அடிச்சுப் பாருங்க, வாட்டர் பம்ப் புல்லிக்குப் பின்னாடி, பம்ப் பாடியோட அடியில ஒரு பென்சில் முனை நுழையற அளவுக்கு ஓட்டை ஒண்ணு இருக்கும். அதுதான் வீப் ஹோல். அது உடைஞ்சோ துரு புடிச்சோ வந்த ஓட்டை கிடையாது, கம்பெனியே வேணும்னு போட்டது. பம்ப் கெட ஆரம்பிச்சா முதல்ல தெரியறது அங்கதான், பெல்ட் கத்துறதும் இஞ்சின் சூடாயிடுச்சுன்னு டாஷ்போர்டுல சிவப்பு லைட் எரியறதும் பெரும்பாலும் அதுக்கு அப்புறம் வர்ற கதை.

பம்ப்புக்குள்ள ஒரு ஷாஃப்ட் இருக்கு. ஒரு முனையில பெல்ட் சுத்துற புல்லி, இன்னொரு முனையில இஞ்சின் சூட்டை எடுத்துட்டுப் போற கூலன்ட்டைத் தள்ளுற இம்பெல்லர், நடுவுல ஷாஃப்ட்டைத் தாங்குற பேரிங். பேரிங்குக்கு கிரீஸ் வேணும், தண்ணி ஆகாது, ஆனா இம்பெல்லர் முழுக்க கூலன்ட்டுக்குள்ளயே கிடக்கு. இந்த ரெண்டையும் பிரிக்கிறது சீல். ஒரு கார்பன் வளையம், ஒரு செராமிக் வளையம், ஒண்ணு ஷாஃப்ட்டோட சுத்தும், இன்னொண்ணு அசையாம நிக்கும், ஸ்பிரிங் ஒண்ணு ரெண்டையும் அழுத்திப் புடிச்சிருக்கும். அந்த ரெண்டு முகத்துக்கும் நடுவுல கண்ணுக்கே தெரியாத மெல்லிசா கூலன்ட் படலம் இருந்தாத்தான் சீல் தேயாம ஓடும். அதனால ரொம்ப கொஞ்சமா கூலன்ட் சீலைத் தாண்டி வந்துட்டேதான் இருக்கும், வந்தது சூட்டுல ஆவியாயிரும். வீப் ஹோல் இருக்கிறது சீலுக்கும் பேரிங்குக்கும் நடுவுல, தாண்டி வந்த ஈரம் பேரிங் பக்கம் போகாம வெளிய போயிரணும்ங்கறதுக்காக.

அதனால ஓட்டையைச் சுத்தி காஞ்சுபோன வெள்ளையா, பச்சையா லேசா ஒரு கறை இருந்தா பயப்பட வேண்டாம். ஈரமா இருந்தா, கீழ கோடு போட்ட மாதிரி வழிஞ்சிருந்தா, தொட்டா விரல்ல வழவழன்னு ஒட்டுனா சீல் போயிட்டு இருக்குன்னு அர்த்தம். கறையைத் துடைச்சு விட்டுட்டு ரெண்டு நாள் ஓட்டிட்டு மறுபடி பாருங்க, திரும்ப ஈரமா இருந்தா சந்தேகமே வேண்டாம். ஒரு விஷயத்தை ரொம்ப அழுத்திச் சொல்லணும், தயவுசெஞ்சு அந்த ஓட்டையை எதையாவது ஒட்டி அடைச்சிராதீங்க. ஒழுகுறது நின்ன மாதிரி தெரியும், ஆனா வெளிய வர வழியில்லாத கூலன்ட் நேரா பேரிங்குக்குப் போகும்.

சீல் ஏன் சீக்கிரம் போகுது? நம்ம ஊர்ல எனக்குத் தெரிஞ்ச பெரிய காரணம் போர் தண்ணி. கூலன்ட் குறைஞ்சுச்சுன்னு குழாய்ல புடிச்ச உப்புத் தண்ணியை ஊத்திட்டே இருப்பாங்க, அதுல இருக்கிற உப்பும் சுண்ணாம்பும் சூடான சீல் முகத்துல படிஞ்சு பளபளன்னு இருக்கிற அந்த ரெண்டு வளையத்தையும் கீறிடும். துரு புடிக்காம காக்கிற மருந்தும் கூலன்ட்லதான் இருக்கு, வெறும் தண்ணியில கிடையாது.

அடுத்தது பெல்ட். ஒழுகல் கூடுனா கொஞ்சம் கொஞ்சமா ஈரம் பேரிங்குக்கும் போய் கிரீஸைக் கழுவி விட்டுரும், பேரிங் தேஞ்சு ஷாஃப்ட்டுக்கு ஆட்டம் வரும், புல்லி நேரா நிக்காம சாய்ஞ்சு சுத்தும், பெல்ட் அதோட பள்ளத்துல சரியா உக்காராம உரசிக் கத்தும். சில சமயம் பேரிங் இறுகிப்போய் புல்லி சுத்த மாட்டேங்கும், அப்ப பெல்ட் அது மேல வழுக்கியும் கத்தும், ஒழுகுன கூலன்ட் பெல்ட்ல தெறிச்சாலும் கத்தும். ஆனா கத்துறது எல்லாமே வாட்டர் பம்ப் இல்ல, பழைய பெல்ட், தளர்ந்த டென்ஷனர், ஆல்டர்னேட்டர் பேரிங் எது வேணா இருக்கலாம். பிரிச்சுப் பாக்கிற வழி லேசானது. இஞ்சின் ஆறினதும் ஆஃப் பண்ணின நிலையிலயே பெல்ட்டைக் கழட்டிட்டு பம்ப் புல்லியை ரெண்டு கையால மேலயும் கீழயும் புடிச்சு ஆட்டிப் பாக்கணும். நல்ல பம்ப்புல ஆட்டமே தெரியக்கூடாது. அப்புறம் கையால சுத்தினா சத்தமில்லாம வழுக்கிட்டுப் போகணும், கரகரன்னு மணல் மாட்டுன மாதிரி இருந்தா பேரிங் முடிஞ்சுது. பெல்ட் ஓடும்போது மட்டும் கையை அந்தப் பக்கமே கொண்டு போகாதீங்க.

சிவப்பு லைட்டுக்கு வருவோம். நிறைய சின்ன கார்கள்ல இப்ப டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, குளிர்ந்திருந்தா நீல லைட், ரொம்ப சூடானா சிவப்பு லைட், நடுவுல ஒண்ணும் எரியாது. அதனாலதான் திடீர்னு வந்த மாதிரி தெரியுது. உண்மையிலயே எவ்வளவு வேகம்னு ஒரு தோராய கணக்குப் போட்டுப் பாப்போம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்துல லிட்டருக்கு 20 கொடுக்கிற பெட்ரோல் கார்னா மணிக்கு 3 லிட்டர் எரிக்குது, அதுல வர்ற மொத்த சக்தி கிட்டத்தட்ட 27 கிலோவாட். அதுல கால்வாசிக்கு மேல, 8 கிலோவாட்னு வச்சுக்குவோம், கூலன்ட் வழியா ரேடியேட்டருக்குப் போகணும். பம்ப் சுத்தலைன்னா அந்தச் சூடு இஞ்சினுக்குள்ள தேங்கி நிக்கிற ஒரு ரெண்டு லிட்டர் கூலன்ட்லயும் சுத்தியிருக்கிற அலுமினியத்துலயும்தான் ஏறும். வினாடிக்கு கால் டிகிரி கணக்குல ஏறுது, அதாவது 90 டிகிரியில இருந்து 115 போக நூறு வினாடி போதும். ரேடியேட்டர் ஃபேன் கெட்டுப்போன வண்டி இப்படிப் பண்ணாது, அது டிராஃபிக்ல நிக்கும்போது மெதுவா ஏறும், ரோட்டுல ஓடுனா இறங்கும். ஓடிட்டு இருக்கும்போதே சட்டுன்னு ஏறுதுன்னா ஒண்ணு கூலன்ட் ஓடல, இல்ல கூலன்ட்டே இல்ல.

அந்த நேரத்துல ரெண்டு தடயம் பாக்கலாம். சிவப்பு லைட்டோட பேட்டரி லைட்டும் சேர்ந்து எரிஞ்சா பெல்ட் அறுந்திருக்க அதிக வாய்ப்பு, ஏன்னா பல வண்டிகள்ல அதே பெல்ட்தான் பேட்டரியை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டரையும் சுத்துது. ஹீட்டரைப் போட்டா சூடான இஞ்சின்ல இருந்து குளிர்ந்த காத்து வந்தா கூலன்ட் அங்க வரலைன்னு அர்த்தம். எதுவா இருந்தாலும் ஓரங்கட்டி இஞ்சினை ஆஃப் பண்ணிருங்க, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு ஓட்டுனா ஹெட் வளைஞ்சு ஹெட் கேஸ்கட் போயிரும். சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது, உள்ள அழுத்தத்துனாலதான் கூலன்ட் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம இருக்கு, திறந்த அடுத்த நொடி கொதிக்கிற கூலன்ட்டும் ஆவியும் மூஞ்சில அடிக்கும். லைட்டையே முழுசா நம்பவும் முடியாது, கூலன்ட் அடியோட வடிஞ்சுபோனா சென்சார் வெறும் ஆவியில நிக்கும், அப்ப உண்மையான சூட்டைக் காட்டாமலே இருந்துரலாம்.

இந்த வரிசை மாறுற பம்ப்பும் உண்டு. பிளாஸ்டிக் இம்பெல்லர் ஷாஃப்ட்ல இருந்து கழண்டுக்கிட்டா ஒழுகாது, கத்தாது, நேரா சூடு மட்டும்தான் ஏறும். இன்னொண்ணு, ரெனோ டஸ்டர்ல வந்த 1.5 லிட்டர் டீசல் மாதிரி சில இஞ்சின்கள்ல வாட்டர் பம்ப்பைச் சுத்துறது இஞ்சின் வால்வுகளை இயக்குற டைமிங் பெல்ட், வீப் ஹோல் கவருக்குள்ள ஒளிஞ்சிருக்கும், வெளிய இருந்து பாக்கவே முடியாது. அங்க டைமிங் கவரோட அடி ஓரத்துல காஞ்ச கறையோ ஈரமோ இருக்கான்னுதான் பாக்கணும், கூடவே ரிசர்வ் டேங்க்ல அளவு மாசாமாசம் குறையுதான்னும் பாக்கணும். அந்த பம்ப் பேரிங் இறுகிட்டா டைமிங் பெல்ட்டே அறுந்து வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்கும், அதனால டைமிங் பெல்ட் மாத்தும்போதே பம்ப்பையும் சேத்து மாத்தச் சொல்லுங்க, கூலி ஒரே கூலிதான்.