ரஷ்ய மொழியில் 'அவள் நோயுற்றிருக்கிறாள்' என்பதைச் சொல்ல இரண்டு வழிகள்

'புதிய வீடு', 'புதிய வீட்டில்', 'புதிய வீடுகள்' என்று பெயர் எப்படி மாறினாலும் தமிழில் 'புதிய' அப்படியே நிற்கும். ரஷ்ய மொழியில் அது நடக்காது. பெயரின் பால், எண், வேற்றுமை மூன்றையும் பெயரடையும் ஏற்றாக வேண்டும். வீடு (தோம்) ஆண்பால், அதனால் நோவிய் தோம். புத்தகம் (க்னீகா) பெண்பால், அதனால் நோவயா க்னீகா. ஜன்னல் (அக்னோ) நடுப்பால், அதனால் நோவயெ அக்னோ. பன்மையில் எல்லாப் பாலுக்கும் ஒரே நோவியெ. 'புதிய வீட்டில்' என்றால் வ் நோவம் தோமெ. 'புதிய புத்தகத்தில்' என்றால் வ் நோவய் க்னீகெ. வேற்றுமை விகுதி இரண்டு சொல்லிலும் வந்துவிடும்.

இவையெல்லாம் நீண்ட வடிவங்கள். பல பெயரடைகளுக்குக் குறுவடிவமும் உண்டு. அது பயனிலையாக மட்டுமே வரும். 'நோயுற்ற' என்பதற்கு ஆண்பாலில் போலென், பெண்பாலில் பல்னா, பன்மையில் பல்னீ. பால், எண் உண்டு, வேற்றுமை கிடையாது. எழுவாயோடு சேர்ந்து நிற்பதால் அதற்கு வேற்றுமை தேவைப்படுவதில்லை. 'நோயுற்ற சிறுமி' என்று சொல்ல பல்னா உதவாது, நீண்ட வடிவமான பல்னாயாதான் வேண்டும்.

பழைய ரஷ்ய மொழியில் நிலைமை வேறு. அப்போது குறுவடிவமும் எல்லா வேற்றுமைகளிலும் மாறியது. அதன் பின்னால் ஒரு சுட்டுப் பெயர் ஒட்டிக்கொண்டு உருவானதுதான் நீண்ட வடிவம். காலப்போக்கில் பெயருக்கு முன் வரும் இடத்தை நீண்ட வடிவம் பிடித்துக்கொண்டது. குறுவடிவத்துக்குப் பயனிலை இடம் மட்டும் மிஞ்சியது. பழைய மாற்றத்தின் எச்சம் சில மரபுத்தொடர்களில் இன்னும் இருக்கிறது. காலுறை இல்லாமல் காலணி போடுவதை ந போசு நோகு என்பார்கள். அந்தப் போசு, குறுவடிவத்தின் இரண்டாம் வேற்றுமை. இன்றைய இலக்கணப்படி அது போசுயு என்று இருந்திருக்கும்.

சரி, பயனிலையில் இரண்டுமே வரலாம் என்றால் எதைத் தேர்ந்தெடுப்பது? அனா பல்னா என்றால் அவளுக்கு இப்போது உடம்பு சரியில்லை என்று பொருள். அனா பல்னாயா என்றால் அவள் இயல்பாகவே நோயாளி என்ற தொனி வரும். காலணியைப் பார்த்து மாலின்கியெ என்றால் அது சிறியது, அவ்வளவுதான். துஃப்லி ம்னியெ மலீ என்றால் எனக்குச் சிறிதாக இருக்கிறது, காலில் நுழையவில்லை. எல்லாச் சொல்லிலும் இந்த வேறுபாடு இவ்வளவு தெளிவாக இராது. சிலவற்றில் குறுவடிவம் ஏட்டுநடையாக மட்டுமே ஒலிக்கும். 'மரத்தாலான' போன்ற, எதனால் செய்யப்பட்டது என்பதைக் குறிக்கும் பெயரடைகளுக்குக் குறுவடிவமே இல்லை. மகிழ்ச்சியைச் சொல்லும் ராத் என்பதற்கோ குறுவடிவம் மட்டும்தான்.

மரியாதையாக 'நீங்கள்' (வீ) என்று ஒரு பெண்ணிடம் பேசும்போது இரு வடிவங்களும் நேரெதிராக நடந்துகொள்ளும். குறுவடிவம் வீ என்ற சொல்லோடு ஒத்துப்போய்ப் பன்மையில் வரும்: வீ பல்னீ. நீண்ட வடிவமோ எதிரில் இருக்கும் ஆளைப் பார்த்து ஒருமையில், பெண்பாலில் வரும்: வீ தகாயா தோப்ரயா, அதாவது 'நீங்கள் எவ்வளவு நல்லவர்'. ஒரே பெண், ஒரே 'நீங்கள்'. ஆனால் விகுதி வேறு.