குற்றலை: பிடபிள்யூஎம் வெளியீட்டில் மிஞ்சும் ஆட்டம்

ஒரு நேர்மின்னழுத்தத்தின் மேல் ஒட்டிக்கொண்டு, சீரான கால இடைவெளியில் ஏறி இறங்கும் சிறிய ஆட்டத்தை மின்னணுவியலில் ‘ரிப்பிள்’ என்கிறோம். நீர்ப்பரப்பில் எழும் சின்ன அலைக்கு ஆங்கிலத்தில் உள்ள சொல் அது. மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றும் பவர் சப்ளைகளில்தான் பலரும் இதை முதலில் சந்திப்பார்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்தினால், மின்தேக்கி எவ்வளவு தாங்கிப் பிடித்தாலும் 100 ஹெர்ட்ஸ் ஆட்டம் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு நிலைத்த பெயர், மைக்ரோகண்ட்ரோலரின் பிடபிள்யூஎம் வெளியீட்டை வடிகட்டும்போது மிஞ்சும் ஆட்டத்துக்கும் வந்து சேர்ந்தது. வடிப்பி வடிவமைப்பில் வரும் ‘பாஸ்பேண்ட் ரிப்பிள்’, இலக்கச் சுற்றில் வரும் ‘ரிப்பிள் கவுண்டர்’ இரண்டும் வேறு பொருள் கொண்டவை. இங்கே அவற்றைச் சேர்க்க வேண்டாம்.

தமிழில் இதற்கு இரண்டு சொற்கள் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன: சிற்றலை, குற்றலை. சிறுமை, குறுமை என்ற பண்புப்பெயர்களோடு அலை சேர்ந்து, ஈறு போய், ஒற்று இரட்டித்துப் பிறந்தவை. சிற்றோடை, வெற்றிலை போல. என் தேர்வு குற்றலை. சிற்றலை என்றால் வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஷார்ட்வேவ் ஒலிபரப்புதான் நினைவுக்கு வரும். ஒரே துறையில் ஒரே சொல் இரண்டு வேலை பார்த்தால் படிப்பவர் தடுமாறுவார்.

சரி, இந்தக் குற்றலை எங்கிருந்து வருகிறது?

மைக்ரோகண்ட்ரோலரின் வெளியீட்டு முனைக்கு இரண்டே நிலைதான் தெரியும்: 0 வோல்ட் அல்லது 5 வோல்ட். 2.5 வோல்ட் வேண்டுமென்றால் பாதி நேரம் மேலேயும் பாதி நேரம் கீழேயும் வைத்து வேகமாக மாற்றிக்கொண்டே இருக்கும். அதன் சராசரி 2.5. துடிப்பின் அகலத்தை மாற்றினால் சராசரியும் மாறும். பிடபிள்யூஎம், அதாவது துடிப்பு அகலப் பண்பேற்றம் என்ற பெயருக்குப் பொருள் இதுவே. ஒரு மின்தடையையும் ஒரு மின்தேக்கியையும் சேர்த்துவிட்டால் சராசரி மட்டும் வெளியே வரும் என்று பாடம் சொல்லும். முழுதாக அப்படி வருவதில்லை. முனை மேலே இருக்கும்போது மின்தேக்கி கொஞ்சம் நிரம்புகிறது, கீழே இருக்கும்போது கொஞ்சம் வடிகிறது. இந்த நிரம்பலும் வடிதலும்தான் குற்றலை.

அளவைக் கணக்கிடுவது எளிது. துடிப்பின் முழுக் காலம் T, அதில் மேலே இருக்கும் பங்கு D, மேல்நிலை அழுத்தம் V, மின்தடை R, மின்தேக்கியின் அளவு C என்று வைப்போம். வெளியீடு ஏறத்தாழ V × D என்ற சராசரியில் நிற்கிறது. ஆகவே முனை மேலே இருக்கும் D × T நேரத்தில் மின்தடைக்குக் குறுக்கே V × (1 − D) அழுத்தம் இருக்கும். அதை R ஆல் வகுத்தால் மின்னோட்டம். நேரத்தால் பெருக்கி C ஆல் வகுத்தால் மின்தேக்கி எவ்வளவு ஏறியது என்று கிடைக்கும்.

```
Vr = V × D × (1 − D) × T / (R × C)
```

Vr என்பது குற்றலையின் அடியிலிருந்து உச்சி வரையான உயரம். RC பெருக்கல் T யைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கும்போது இது நன்றாகப் பொருந்தும். D × (1 − D) என்ற பகுதியைக் கவனியுங்கள். D பாதியாக இருக்கும்போது அது உச்சத்தில், 0.25 ஆக இருக்கும். D பத்தில் ஒன்றானால் 0.09 தான். அதனால் வடிப்பியைச் சோதிக்கிறவர் பாதி அகலத்தில் சோதிக்க வேண்டும். குறைந்த அகலத்தில் மட்டும் பார்த்துவிட்டுக் குற்றலை அடங்கிவிட்டது என்று முடிவு செய்தால், நடு அளவில் அது மூன்று மடங்கு வரை வளர்ந்து நிற்கும்.

இப்போது ஒரு நிஜக் கணக்கு. ஆர்டுயினோ ஊனோ பலகையில் `analogWrite()` 9ஆம் முனைக்கு ஏறத்தாழ 490 ஹெர்ட்ஸில் 8 பிட் பிடபிள்யூஎம் தருகிறது. T ஏறத்தாழ 2 மில்லிநொடி. 5 வோல்ட்டை 256 படிகளாகப் பிரித்தால் ஒரு படி 19.5 மில்லிவோல்ட். குற்றலை அரைப்படிக்குள், அதாவது 10 மில்லிவோல்ட் அளவில் இருந்தால் 8 பிட் என்று சொல்வதற்கு ஏதோ பொருள் இருக்கும். 10 கிலோ ஓம், 22 மைக்ரோஃபாரட் போட்டால் RC 220 மில்லிநொடி. குற்றலை 12 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவு. கிட்டத்தட்ட வந்துவிட்டோம்.

ஆனால் அதே RC இன்னொரு கணக்கையும் எழுதுகிறது. நிரலில் மதிப்பை 0 இலிருந்து உச்சத்துக்கு மாற்றினால் வெளியீடு உடனே அங்கே போகாது. ஒவ்வொரு RC காலத்துக்கும் மிச்ச தூரம் 37 சதவீதமாகச் சுருங்கும். மிச்சம் அரைப்படிக்குள், அதாவது முழு அளவில் 512 இல் ஒரு பங்குக்குள் வர 6.2 RC ஆகும். நம் கணக்கில் 1.4 நொடி. இந்த நேரத்துக்கு ஆங்கிலத்தில் செட்லிங் டைம் என்று பெயர். தமிழில் அமைவு நேரம் என்று சொன்னால் பொருத்தமாக இருக்கும்; அமைதல் என்ற வினைக்கு அடங்கி நிலைபெறுதல் என்ற பொருள் ஏற்கெனவே உண்டு. ஒன்று மட்டும் முக்கியம்: எவ்வளவு நெருங்கினால் அமைந்ததாகக் கொள்கிறோம் என்று சொல்லாமல் அமைவு நேரத்தைச் சொன்னால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. அதே சுற்று 5 சதவீதத்துக்குள் வர 3 RC, அதாவது 0.66 நொடி போதும்.

ஆக RC யை இரட்டித்தால் குற்றலை பாதியாகும், அமைவு நேரம் இரட்டிக்கும். ஒரே வடிப்பி, ஒரே அதிர்வெண் என்று நிற்கும்வரை இந்தப் பேரத்தில் ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்க முடியும். வெளியே வர இரண்டு வழி உண்டு.

முதல் வழி T யைக் குறைப்பது. ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சில்லின் டைமர் 1 ஐ, 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைப் பிரிக்காமல் நேரே எண்ண விடலாம்:

```
pinMode(9, OUTPUT);
TCCR1A = (1 << COM1A1) | (1 << WGM10);
TCCR1B = (1 << WGM12) | (1 << CS10);
OCR1A = 127;   // 50%
```

அதிர்வெண் 16 மெகாஹெர்ட்ஸ் வகுத்தல் 256, அதாவது 62.5 கிலோஹெர்ட்ஸ் ஆகிவிடும். T 16 மைக்ரோநொடி. இப்போது அதே 10 கிலோ ஓமுடன் 0.22 மைக்ரோஃபாரட் போதும். குற்றலை 9 மில்லிவோல்ட், அமைவு நேரம் 14 மில்லிநொடி. நான்கு வரியில் நூறு மடங்கு வேகம். `millis()` டைமர் 0 ஐ நம்பியிருப்பதால் பாதிக்கப்படாது. ஆனால் ஊனோவில் செர்வோ நூலகம் டைமர் 1 ஐ எடுத்துக்கொள்ளும், இரண்டையும் ஒன்றாக வைக்க முடியாது.

இரண்டாவது வழி இன்னொரு கட்டத்தைச் சேர்ப்பது. முதல் கட்டத்தில் மிஞ்சிய குற்றலையை இரண்டாவது கட்டம் மறுபடி வடிக்கும். இரண்டும் சேர்ந்து பெருக்கலாக வேலை செய்வதால் ஒவ்வொன்றும் பெரிதாக இருக்கத் தேவையில்லை. 490 ஹெர்ட்ஸிலேயே பார்ப்போம்: முதல் கட்டம் 10 கிலோ ஓம், 0.82 மைக்ரோஃபாரட்; இரண்டாவது 100 கிலோ ஓம், 0.082 மைக்ரோஃபாரட். ஒவ்வொன்றின் RC யும் 8.2 மில்லிநொடிதான். குற்றலை 10 மில்லிவோல்ட், அமைவு நேரம் ஏறத்தாழ 80 மில்லிநொடி. ஒற்றைக் கட்டத்தில் இதே குற்றலைக்கு ஒரு நொடிக்கு மேல் காத்திருந்தோம். இரண்டாவது மின்தடையைப் பத்து மடங்கு வைத்ததற்குக் காரணம், அது முதல் கட்டத்தைச் சுமையாக அழுத்தக் கூடாது என்பது. இதற்கு விலையும் உண்டு: வெளியீட்டின் உள்தடை 110 கிலோ ஓம் ஆகிவிடுகிறது. இதன் பின்னால் 100 கிலோ ஓம் சுமையை மாட்டினால் அழுத்தம் பாதிக்கும் கீழே போய்விடும். இடையில் ஒரு ஆப்-ஆம்ப் பஃபர் வைத்தே ஆக வேண்டும்.

முதல் வழியில் எட்டு பிட்டோடு நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. கடிகாரம் அதேதான் என்றால் பிட் கூட்டும்போது எண்ண வேண்டியது கூடுகிறது, அதிர்வெண் இறங்குகிறது. 10 பிட்டுக்குப் போனால் T நான்கு மடங்கு. படியும் நான்கில் ஒன்றாகிறது. குற்றலையை அந்தப் புது அரைப்படிக்குள் அடக்க RC பதினாறு மடங்கு ஆக வேண்டும். 14 மில்லிநொடி 250 மில்லிநொடி ஆகிவிடும். 16 பிட்டில் அதிர்வெண் 244 ஹெர்ட்ஸ், அரைப்படி 38 மைக்ரோவோல்ட். ஒற்றைக் கட்ட வடிப்பி என்றால் RC 134 நொடி, அமைவு நேரம் 26 நிமிடம்! டைமர் 16 பிட் என்று தரவுத்தாளில் இருப்பதாலேயே 16 பிட் அனலாக் கிடைத்துவிடும் என்று நம்புவது இங்கேதான் உடைகிறது. அந்த அளவு தேவைப்பட்டால், எண்ணை அனலாக் அழுத்தமாக மாற்றும் தனி டிஏசி சில்லுதான் சரியான வழி.

அப்புறம், குற்றலையை மல்டிமீட்டரின் டிசி நிலையில் தேடாதீர்கள். அது சராசரியைத்தான் காட்டும். எவ்வளவு மோசமான வடிப்பியிலும் 2.50 என்று அழகாக நிற்கும். அலைகாட்டியை ஏசி இணைப்பில் வைத்து 5 அல்லது 10 மில்லிவோல்ட் அளவுக்கு இறக்கிப் பாருங்கள். ஒற்றைக் கட்டத்தில் நேர்க்கோடுகளால் ஆன முக்கோணம் தெரியும். இரண்டு கட்டத்தில் முனைகள் மழுங்கி வளைவாகிவிடும்.

அதன் அதிர்வெண்ணையும் அளந்துவிடுங்கள். பிடபிள்யூஎம் அதிர்வெண்ணோடு பொருந்தினால் அது குற்றலை. RC யை மாற்றினால் அதன் உயரம் மாறும். பொருந்தாமல் 100 ஹெர்ட்ஸிலோ, ரிலே இயங்கும்போதோ மட்டும் ஆடினால், அநேகமாக 5 வோல்ட் வழங்கலே ஆடுகிறது என்று பொருள். முனை மேலே இருக்கும்போது அது வழங்கல் அழுத்தத்தையே நகலெடுக்கிறது. வழங்கல் மெதுவாக ஒரு சதவீதம் இறங்கினால் வெளியீடும் ஒரு சதவீதம் இறங்கும், எந்த மின்தேக்கியும் அதைத் தடுக்காது. இதைக் குற்றலை என்று எழுதினால் படிப்பவர் மின்தேக்கியைப் பெரிதாக்கப் போவார். வழங்கல் ஆட்டம் என்று எழுதுங்கள். அவர் ரெகுலேட்டரைப் பார்ப்பார்.