வேறு வேலை கிடைத்தபின் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறும் முறை

இவ்வாண்டு பொறியியல் பட்டம் பெற்ற நான், இறுதியாண்டில் எங்கள் கல்லூரியின் வேலைவாய்ப்புப் பிரிவில் மாணவர் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். ஓரிடத்தில் வேலை கிடைத்ததும் மற்ற விண்ணப்பங்களுக்குப் பதிலே சொல்லாமல் இருந்துவிடுவதை அங்கே அடிக்கடி கண்டேன். அதைவிட ஆபத்தானது, வேலை உண்மையில் உறுதியாகும் முன்பே அவசரப்பட்டு விலகிவிடுவது.

என் வகுப்புத் தோழி ஒருவருக்கு ஒரு நிறுவனத்திலிருந்து ‘லெட்டர் ஆஃப் இன்டென்ட்’ வந்தது. அதே வாரம் வியாழக்கிழமை இன்னொரு நிறுவனத்தில் அவருக்கு இறுதிச் சுற்று நேர்காணல் இருந்ததால், உடனே விலகிவிடலாமா என்று கேட்டார். கடிதத்தை இருவரும் வரிவரியாகப் படித்தோம். ஆண்டுச் சம்பளம் குறிப்பிடப்பட்டிருந்தது. ஆனால் பணியில் சேரும் தேதி பின்னர் தெரிவிக்கப்படும் என்றும், நிறுவனத்தின் தேவையைப் பொறுத்து முடிவு மாறலாம் என்றும் இருந்தது. இது வேலை தரும் எண்ணத்தைச் சொல்லும் கடிதமே தவிர, பணி வாய்ப்புக் கடிதம் ஆகாது. எனவே காத்திருக்கச் சொன்னேன். செவ்வாயன்று சம்பளப் பிரிவுகள், பணியிடம், சேரும் தேதி ஆகியவற்றுடன் ஆஃபர் லெட்டர் வந்தது. அவர் அதை எழுத்துமூலம் ஏற்றுக்கொண்டு, அன்று மாலையே மற்ற நிறுவனத்துக்கு எழுதினார். நேர்காணல் குழுவுக்கு ஒரு முழு நாள் கிடைத்ததால், அந்த நேரம் காத்திருப்புப் பட்டியலில் இருந்த வேறொரு மாணவருக்குப் போனது.

நேர்காணல் அழைப்பை அனுப்பிய மனிதவள அலுவலருக்கு, அதே மின்னஞ்சலுக்கான பதிலாகவே எழுதுவது நல்லது. பணியின் பெயரும் விண்ணப்ப எண்ணும் இருந்தால் அவர் தேட வேண்டியிருக்காது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட வேண்டும். வேறு பணியை ஏற்றுக்கொண்டதே காரணம் என்பது போதும்; அந்த நிறுவனத்தின் பெயரையோ சம்பளத்தையோ எழுதத் தேவையில்லை. நன்றி ஒரு வரி. அலுவலர் தொலைபேசியில் அழைத்துக் கூடுதல் சம்பளம் தருவதாகச் சொல்லக்கூடும் என்பதால், மனம் உறுதியானபின் எழுதுங்கள். நம்மைப் பரிந்துரைத்த அண்ணனோ அக்காவோ அங்கே இருந்தால் அவரிடம் முதலில் சொல்லிவிட வேண்டும். அலுவலகத்தில் பிறர் சொல்லி அவர் அறிவது மிகவும் சங்கடமானது.

இணையதளம் வழியாக விண்ணப்பித்திருந்தால் அங்கும் அந்தப் பணிக்கான விண்ணப்பத்தை மட்டும் திரும்பப் பெறுங்கள். கணக்கையே அழித்துவிட வேண்டாம், வரும் ஆண்டுகளில் அதே நிறுவனத்தில் விண்ணப்பிக்க நேரலாம்.

இவையெல்லாம் அந்த நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரை நாம் இன்னும் ஏற்காத வரைக்கும்தான். ஏற்றபின் விலகுவது கொடுத்த சம்மதத்தை மீறுவதாகும். அப்போது கடிதத்தின் நிபந்தனைகளையும் கல்லூரி விதிகளையும் படித்துவிட்டு, வேலைவாய்ப்பு அலுவலரிடம் நேரில் பேசிய பிறகே நிறுவனத்துக்கு எழுத வேண்டும்.